இருபத்தாறுக்கு முந்தைய இரவும் பத்து மணிக்கு முந்தைய ரயிலும்

கடந்த ஆண்டு அக்டோபர் 8ஆம் தேதி இரவு, நங்கநல்லூரில் என் வீட்டுக் கூடத்தில் நள்ளிரவு ஆவதற்காகக் காத்திருந்தேன். மறுநாள் என் தம்பி மகளுக்கு இருபத்தாறு வயது நிறைகிறது. மேற்படிப்புக்காக இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்கு அவள் போய்ச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. சரியாகப் பன்னிரண்டு மணிக்குத் தொலைபேசியில் அழைத்து வாழ்த்தினேன். அவள் சிரித்துவிட்டு, "அத்தை, இங்கே இன்னும் எட்டாம் தேதிதான், சாயங்காலம் ஏழரை மணி ஆகுது. எனக்கு இன்னும் இருபத்தஞ்சுதான்" என்றாள். வாழ்த்தின் இனிமையை அடுத்த நொடியே மறந்துவிட்டு நான் கேட்ட முதல் கேள்வி, "அப்படின்னா அந்த ரயில் கார்டை வாங்கிட்டியா, இல்லையா?" என்பதுதான்.

அவள் வாங்கியிருக்கவில்லை. வார இறுதியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருந்தாள். வார இறுதிக்குள் அவளுக்கு அந்த அட்டையை வாங்கும் வயது கடந்துவிட்டிருக்கும். லீட்ஸில் நள்ளிரவு ஆக இன்னும் நாலரை மணி நேரம் இருந்தது. உடனே கணினியைத் திறக்கச் சொன்னேன்.

தெற்கு ரயில்வேயின் புறநகர் நிலையங்களில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக டிக்கெட் கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்தவள் நான். சலுகை டிக்கெட்டின் விதிகளைத் தவறாகப் புரிந்துகொண்டு அபராதம் கட்டிய மாணவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே அவள் விசா கிடைத்த நாளிலிருந்தே, அங்கே உள்ள '16-25 ரயில்கார்டு' என்ற சலுகை அட்டையின் நிபந்தனைகளை நானும் உட்கார்ந்து படித்தேன். அந்த அட்டையைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு இரண்டு இடங்களில் தெளிவு போதவில்லை என்பது என் எண்ணம். வயது எப்போது பார்க்கப்படுகிறது என்பது ஒன்று. நேரம் எப்போது பார்க்கப்படுகிறது என்பது மற்றொன்று. வயதை அந்த அட்டை ஒரே ஒரு முறை, வாங்கும் நாளில் மட்டும் பார்க்கிறது. நேரத்தையோ ஒவ்வொரு பயணத்திலும் பார்க்கிறது. இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொள்பவர்கள்தான் சிக்கலில் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் அந்த அட்டை என்னவென்று சொல்லிவிடுகிறேன். அது பயணச் சீட்டு அல்ல. சீசன் டிக்கெட்டும் அல்ல. ஓராண்டுக்கு 35 பவுண்டு கொடுத்து அதை வாங்கி வைத்துக்கொண்டால், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளில் ஓடும் ரயில்களுக்கு நாம் வாங்கும் பெரும்பாலான டிக்கெட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு கட்டணம் குறையும். 2025 மார்ச் வரை 30 பவுண்டாக இருந்தது. அந்த மாதம் 35 ஆக்கிவிட்டார்கள். நம் பணத்தில் நாலாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. கணக்குப் போட்டால், ஓராண்டில் முழுக் கட்டணமாக 105 பவுண்டுக்குப் பயணம் செய்தால் போட்ட பணம் திரும்பிவிடும். லீட்ஸ் போன்ற நகரத்திலிருந்து லண்டனுக்கு இரண்டு முறை போய் வந்தாலே பெரும்பாலும் அந்தத் தொகையை எட்டிவிடலாம். அந்த அட்டை நகரப் பேருந்துக்குச் செல்லாது. வாராந்திர, மாதாந்திர சீசன் டிக்கெட்டுக்கும் செல்லாது. உடன் வரும் பெற்றோருக்கோ நண்பருக்கோ சலுகை கிடைக்காது. அட்டையில் யாருடைய புகைப்படம் இருக்கிறதோ அவருக்கு மட்டும்தான்.

இது மாணவர் சலுகை என்றுதான் அங்கே போகும் நம் பிள்ளைகளில் பலரும் நினைக்கிறார்கள். 1974இல் தொடங்கியபோது அது மாணவர்களுக்கான அட்டையாகத்தான் இருந்தது. இன்று அது அடிப்படையில் வயதுச் சலுகை. பதினாறு முதல் இருபத்தைந்து வயது வரை உள்ளவர் படித்தாலும், வேலை செய்தாலும், சும்மா ஊர் சுற்றிப் பார்க்க வந்தவராக இருந்தாலும் வாங்கலாம். நம் ஊரில் மாணவர் சீசன் டிக்கெட்டுக்குக் கல்லூரி முதல்வர் கையெழுத்தும் முத்திரையும் உள்ள கன்செஷன் படிவம் வேண்டும். அது இல்லாமல் என் கவுண்ட்டருக்கு வந்த பிள்ளைகளை வருத்தத்தோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். அங்கே இருபத்தாறு நிறையாதவர்களிடம் பல்கலைக்கழகத்தின் கடிதத்தை யாரும் கேட்பதில்லை. கடவுச்சீட்டில் உள்ள பிறந்த தேதி போதும்.

அந்தப் பிறந்த தேதிதான் வாசல். இருபத்தாறாவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் வரை அட்டையை வாங்கலாம். அன்று வாங்கினால்கூட அது முழுதாகப் பன்னிரண்டு மாதம் செல்லும். மறுநாள் இருபத்தாறு வயது ஆகிவிட்டது என்பதற்காக யாரும் அதைச் செல்லாதது என்று சொல்ல முடியாது. இதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். என் தம்பி மகளும் முதலில் நம்பவில்லை. "எப்படியும் நாளைக்கு வயசு தாண்டிடும், ஒரு நாளுக்காக எதுக்கு அத்தை முப்பத்தஞ்சு பவுண்டு?" என்றுதான் கேட்டாள். அந்த ஒரு நாளில் வாங்கினால் படிப்பு முடியும் வரை முழு ஆண்டும் கையில் இருக்கும் என்று விளக்கிய பிறகே அவள் மடிக்கணினியின் முன் உட்கார்ந்தாள்.

வாங்குவதற்கான இணைய முகவரி 16-25railcard.co.uk. முதல் பக்கத்தில் ஓராண்டா, மூன்றாண்டா என்று கேட்கும். மூன்றாண்டு அட்டை 80 பவுண்டு. தனித்தனியாக வாங்கினால் ஆகும் 105 பவுண்டோடு ஒப்பிட்டால் மலிவு. ஆனால் இருபத்து நான்காவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் வரை மட்டுமே அதை வாங்க முடியும். அதோடு, ஓராண்டு முதுகலைக்குப் போகிறவர் மூன்று ஆண்டு அங்கே இருப்பது உறுதியில்லை. இளங்கலைக்குப் பதினெட்டு வயதில் போகும் பிள்ளைக்கு மூன்றாண்டு அட்டை பொருந்தும். நம் ஊரிலிருந்து போகிறவர்களில் பெரும்பாலானோர் முதுகலை மாணவர்கள் என்பதால் அவர்களுக்கு ஓராண்டு அட்டையே சரி.

அடுத்து, கைப்பேசியில் வைத்துக்கொள்ளும் மின்னணு அட்டையா, அஞ்சலில் வரும் பிளாஸ்டிக் அட்டையா என்று கேட்கும். அன்றிரவு எங்களுக்கு அவசரம் இருந்ததால் மின்னணு அட்டையைத் தேர்ந்தோம். கடவுச்சீட்டு எண்ணைத் தட்டச்சு செய்தாள். இந்தியக் கடவுச்சீட்டே போதுமானதாக இருந்தது. பெயர் எழுதும் இடத்தில் சற்றுத் தயங்கினாள். இங்கே பள்ளிச் சான்றிதழில் ஒரே ஓர் எழுத்தாக நிற்கும் அவள் அப்பா பெயர், கடவுச்சீட்டில் விரிந்து குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் இருக்கிறது. கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதச் சொன்னேன். ரயிலில் அட்டையைப் பார்ப்பவர் அடையாளச் சான்று கேட்டால் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். பிறகு வெளிச்சமான சுவர் முன் நின்று எடுத்த புகைப்படம் ஒன்றை ஏற்றினாள்.

பணம் கட்டும் இடத்தில்தான் அரை மணி நேரம் போனது. அவளிடம் இருந்த இங்குள்ள வங்கியின் டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறக்கப்படவில்லை. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2020 முதல் புதிய கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து தரப்படுகின்றன; வெளிநாட்டுக்கும் இணையத்துக்கும் நாமாகத்தான் திறக்க வேண்டும். அதைத் திறக்க வேண்டுமானால் ஓடிபி வரும். அந்த ஓடிபி வரவேண்டிய சென்னை சிம் கார்டு, ரோமிங் இல்லாமல் அவளுடைய மேஜை இழுப்பறையில் கிடந்தது. கடைசியில் என் தம்பி புறப்படும்போது வாங்கிக் கொடுத்திருந்த பாரெக்ஸ் கார்டில் மீதி இருந்த பவுண்டில் கட்டினாள். பணம் போனதும் மின்னஞ்சலில் ஒரு குறியீடு வந்தது. ரயில்கார்டுக்கான செயலியைக் கைப்பேசியில் இறக்கி, அந்தக் குறியீட்டை இட்டதும் அவள் முகத்தோடு அட்டை திரையில் தோன்றியது. அங்கே மணி எட்டரை. சென்னையில் விடியற்காலை ஒன்று. அதன் பிறகுதான் நான் அவளை ஒழுங்காக வாழ்த்தினேன்.

இணையத்தில் சான்று சரிபார்ப்பு நடக்காமல் நின்றுவிட்டால் இன்னொரு வழி உண்டு. ஊழியர் இருக்கும் ரயில் நிலைய டிக்கெட் கவுண்ட்டருக்குக் கடவுச்சீட்டையும் ஒரு பாஸ்போர்ட் அளவுப் புகைப்படத்தையும் எடுத்துக்கொண்டு போனால் அங்கேயே வாங்கலாம். ஆனால் இரவு எட்டரை மணிக்கு எந்தக் கவுண்ட்டர் திறந்திருக்கும் என்பதை நம்பி இருக்கக் கூடாது. பிறந்தநாள் நெருங்கினால் ஒரு வாரம் முன்பே வாங்கிவிடுவது நல்லது.

இருபத்தாறு ஏற்கெனவே நிறைந்துவிட்டவர்களுக்கு என்ன வழி? அவள் தங்கியிருக்கும் வீட்டில் விழுப்புரத்துக்காரப் பையன் ஒருவன் இருக்கிறான். சென்னையில் நான்கு ஆண்டு வேலை பார்த்துவிட்டு முதுகலைக்கு வந்தவன். அவனுக்கு உண்மையில் இருபத்தைந்துதான் நடக்கிறது. பள்ளியில் சேர்க்கும்போது வயது பற்றவில்லை என்று தேதியைக் கூட்டிப் போட்டிருக்கிறார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள அந்தத் தேதியே கடவுச்சீட்டிலும் ஏறிவிட்டது. நம் ஊரில் ஜூன் மாதத்தில் பிறந்தவர்களாகச் சான்றிதழ் சொல்லும் ஆயிரக்கணக்கானவர்களில் அவனும் ஒருவன். அட்டைக்குக் கடவுச்சீட்டுத் தேதிதான் கணக்கு. ஆக, அவன் இருபத்தாறைத் தாண்டியவன்.

அவனுக்கு இரண்டு வழிகள் இருந்தன. 26 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்கென்று 2019இல் நாடு முழுவதற்கும் வந்த வேறு ஒரு ரயில்கார்டு உண்டு. விலை அதே 35 பவுண்டு, அதே மூன்றில் ஒரு பங்கு சலுகை, கைப்பேசியில் மட்டும் கிடைக்கும், கடவுச்சீட்டு போதும். இன்னொரு வழி, வயது கடந்தாலும் முழுநேர மாணவராக இருந்தால் 16-25 அட்டையையே வாங்கலாம் என்ற விதி. முழுநேரம் என்றால் அங்குள்ள கல்வி நிறுவனத்தில் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரத்துக்கு மேல், ஆண்டுக்குக் குறைந்தது இருபது வாரம் படிக்க வேண்டும். அதற்கு மட்டும் பல்கலைக்கழகத்தில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிய படிவம் தேவை; நம் ஊர்க் கன்செஷன் படிவம் போலவே. இரண்டுக்கும் விலை ஒன்றே என்பதால் அலைச்சல் இல்லாத 26-30 அட்டையை வாங்கலாம் என்று அவன் நினைத்தான். படிவத்துக்காக ஒரு நாள் அலைந்தாலும் பரவாயில்லை, 16-25 அட்டையை வாங்கு என்று நான் சொல்லி அனுப்பினேன். அந்த ஆலோசனைக்குக் காரணம் காலை நேர விதிதான்.

திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 4:30 மணிக்கும் 10 மணிக்கும் இடைப்பட்ட பயணங்களுக்கு 12 பவுண்டு என்ற குறைந்தபட்சக் கட்டணம் உண்டு. இதை "பத்து மணிக்கு முன் அட்டை செல்லாது" என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. அட்டை செல்லும், ஆனால் சலுகை கழித்த பிறகு டிக்கெட் விலை 12 பவுண்டுக்குக் கீழே இறங்காது.

எடுத்துக்காட்டுக்கு, காலை எட்டு மணி ரயிலுக்கு முழுக் கட்டணம் 30 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 20. அது 12க்கு மேலே இருப்பதால் சலுகை முழுதாகக் கிடைக்கும். முழுக் கட்டணம் 15 பவுண்டு என்றால் சலுகைக்குப் பின் 10 ஆக வேண்டும். ஆனால் 12 கொடுக்க வேண்டும். முழுக் கட்டணமே 9 பவுண்டு என்றால் சலுகையே இல்லை, 9 பவுண்டையும் கொடுக்க வேண்டும். அதாவது 18 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள டிக்கெட்டுக்குக் காலையில் முழுச் சலுகை. 12க்கும் 18க்கும் இடையே அரைகுறைச் சலுகை. 12க்குக் கீழே ஒன்றும் இல்லை. லண்டனுக்குப் போகிறவர் இந்த விதியைப் பெரும்பாலும் உணரவே மாட்டார். பக்கத்து ஊருக்குத் தினமும் வகுப்புக்கோ பயிற்சிக்கோ போகிற மாணவர்தான் இதில் அடிபடுகிறார்.

இந்த விதிக்கு மூன்று விலக்குகள் உண்டு. சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் அது இல்லை. குறிப்பிட்ட ரயிலுக்கென்று முன்கூட்டியே வாங்கும் அட்வான்ஸ் டிக்கெட்டுக்கு அது இல்லை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் முழுவதும் அது இல்லை. இந்த மூன்றாவது விலக்கு 16-25 அட்டைக்கு உண்டு, 26-30 அட்டைக்குக் கிடையாது. முதுகலை மாணவர்கள் ஆய்வேடு எழுதிக்கொண்டும் வேலை தேடிக்கொண்டும் அதிகம் அலைவது அந்த இரண்டு மாதங்களில்தான். விழுப்புரத்துப் பையனைப் படிவத்துக்கு அலைய வைத்தது அதற்காகத்தான்.

இப்போது அந்த விதி எப்படி ஒருவரை மாட்டிவிடுகிறது என்பதைச் சொல்ல வேண்டும். நவம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, என் தம்பி மகள் லீட்ஸிலிருந்து அருகில் உள்ள ஓர் ஊருக்குக் களப்பணிக்காகப் போக வேண்டியிருந்தது. முந்தைய இரவே செயலியில் பார்த்தாள். பத்து மணிக்குப் பிந்தைய ரயில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள், சலுகையோடு 6 பவுண்டு என்று காட்டியது, வாங்கிவிட்டாள். டிக்கெட்டின் மேல் எந்த நேரத்திலும் செல்லக்கூடிய டிக்கெட் என்று பொருள்படும் 'எனிடைம்' என்ற சொல் இருந்தது. மறுநாள் காலை சீக்கிரம் கிளம்பிவிட்டாள். நிலையத்தில் 9:40க்கு ஒரு ரயில் நின்றுகொண்டிருந்தது. எந்த நேரத்திலும் செல்லும் டிக்கெட்தானே என்று ஏறி உட்கார்ந்தாள்.

டிக்கெட் பரிசோதகர் வந்து பார்த்தார். டிக்கெட் எந்த நேரத்திலும் செல்லும் என்பது உண்மை. ஆனால் அந்த டிக்கெட்டின் விலையில் கழிக்கப்பட்ட சலுகை பத்து மணிக்கு முன் செல்லாது. முழுக் கட்டணம் 9 பவுண்டு. அது 12க்குக் கீழே. ஆகவே அந்த நேரத்தில் அவள் 9 பவுண்டையும் கொடுத்திருக்க வேண்டும். செயலி அவளை ஏமாற்றவில்லை. அவள் தேர்ந்தெடுத்த ரயிலின் நேரத்தை வைத்துச் சரியான விலையைத்தான் சொன்னது. அவள் வேறு ரயிலில் ஏறியது செயலிக்குத் தெரியாது. அந்தப் பரிசோதகர் நிதானமானவர். விதியை விளக்கிவிட்டு, அந்த ரயிலுக்குரிய முழுக் கட்டண டிக்கெட்டை வாங்கிக்கொள்ளச் சொன்னார். மூன்று பவுண்டு மிச்சம் பிடித்ததாக நினைத்தவளுக்கு ஒன்பது பவுண்டு கூடுதலாகப் போனது. அழுதுகொண்டே அழைத்தாள். பணத்துக்காக அல்ல, பெட்டியில் எல்லோர் முன்னிலையிலும் தான் திருட்டுத்தனமாகப் பயணம் செய்தவள் போல ஆகிவிட்டதே என்பதற்காக.

அவளுக்கு நேர்ந்தது சிறியது. 2024 செப்டம்பர் 5ஆம் தேதி, வடமேற்கு இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் போன பொறியியல் பட்டதாரி ஒருவர், இதே 16-25 அட்டையோடு, இதே 'எனிடைம்' டிக்கெட்டோடு, இதே பத்து மணிக்கு முன்னான ரயிலில் பிடிபட்டார். குறைந்திருந்த தொகை 1.90 பவுண்டு. அவர் மீது வழக்குத் தொடரப்போவதாக ரயில் நிறுவனம் கடிதம் அனுப்பியது. செய்தி வெளியாகி நாடு முழுவதும் கண்டனம் எழுந்த பிறகுதான் அந்த நடவடிக்கையைக் கைவிட்டார்கள். அந்த விவகாரத்தைத் தொடர்ந்து, டிக்கெட் சோதனை எப்படி நடக்கிறது என்று அரசின் ரயில் ஒழுங்குமுறை அமைப்பு ஆராய்ந்து 2025 ஜூனில் அறிக்கை கொடுத்தது. அவர் பிடிபட்ட மாதத்தைக் கவனியுங்கள்: செப்டம்பர். ஆகஸ்ட் இறுதி வரை அதே ரயிலில், அதே அட்டையோடு, அதே விலைக்குப் போயிருந்தால் ஒரு குற்றமும் இல்லை. கோடை முழுவதும் அப்படிப் போய்ப் பழகிய மாணவர், செப்டம்பர் முதல் வாரத்தில் அதையே செய்தால் விதி மீறியவராகிவிடுவார். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் நாட்டில் வந்து இறங்குவதும் அதே செப்டம்பரில்தான்.

பிடிபட்டால் என்ன நடக்கும் என்பது பரிசோதகரையும் நிறுவனத்தையும் பொறுத்து மாறுகிறது என்பதுதான் கவலைக்குரியது. புதிய டிக்கெட் வாங்கச் சொல்லலாம். அபராதக் கட்டணம் விதிக்கலாம். இங்கிலாந்தில் 2023 ஜனவரி முதல் அது 100 பவுண்டும் டிக்கெட் விலையும், இருபத்தொரு நாளுக்குள் கட்டினால் 50 பவுண்டும் டிக்கெட் விலையும். வழக்காகவும் ஆகலாம். விசா விண்ணப்பத்தில் குற்றத் தீர்ப்பு உண்டா என்ற கேள்வி இருக்கிறது. மாணவர் விசாவில் போயிருக்கும் பிள்ளைக்கு மூன்று பவுண்டுக்காக அந்தக் கட்டத்தில் 'ஆம்' என்று எழுத வேண்டிய நிலை வரக் கூடாது. ஆகவே அப்படி ஒரு கடிதம் வந்தால் அதைப் பிரிக்காமல் வைப்பதோ, பதில் போடாமல் இருப்பதோ கூடாது. பல்கலைக்கழக மாணவர் சங்கத்தின் ஆலோசனைப் பிரிவுக்கு அன்றைக்கே எடுத்துப் போக வேண்டும்.

அவளுக்கு நான் சொன்ன வழக்கம் எளிது. வார நாள் காலையில் எந்த ரயிலில் உண்மையாகவே ஏறப்போகிறாளோ அந்த ரயிலைத் தேர்ந்தெடுத்துத்தான் டிக்கெட் வாங்க வேண்டும். ரயில் மாறினால், ஏறும் முன் அந்த ரயிலுக்கு என்ன விலை காட்டுகிறது என்று மறுபடி பார்க்க வேண்டும். விலை ஒன்றாகவே இருந்தால் ஏறலாம். கூடுதலாக இருந்தால், அந்த ரயிலுக்குரிய டிக்கெட் தன்னிடம் இல்லை என்று பொருள். இந்தச் சோதனைக்கு அரை நிமிடம் போதும்.

கைப்பேசியின் மின்சக்தி தீர்ந்துபோவது இன்னொரு தொல்லை. சலுகை டிக்கெட்டோடு அட்டையையும் காட்ட வேண்டும். திரை அணைந்துவிட்டால் அட்டை இல்லை என்றே பொருள். அட்டையை மறந்து வந்து கூடுதலாகப் பணம் கட்ட நேர்ந்தால், பிறகு அட்டையைக் காட்டி அந்தத் தொகையைத் திரும்பப் பெற ஆண்டுக்கு ஒரு முறை வழி உண்டு. ஆனால் தீர்ந்துபோன மின்கலத்துக்கு அந்தச் சலுகையை நம்பி இருக்க வேண்டாம். மின்னணு அட்டையை இரண்டு கருவிகளில் வைத்துக்கொள்ளலாம் என்பதால் அவள் பழைய கைப்பேசியிலும் ஏற்றிப் பையில் வைத்திருக்கிறாள்.

டிசம்பரில் லண்டனுக்குப் போனபோது இன்னொரு கடிகாரம் குறுக்கிட்டது. அங்கே சுரங்க ரயிலுக்கு வங்கிக் கார்டைத் தட்டிப் போகலாம். ஆனால் வங்கிக் கார்டோடு ரயில்கார்டை இணைக்க முடியாது. சலுகை வேண்டுமானால் ஓய்ஸ்டர் அட்டை என்று தனியாக ஒன்றைக் கட்டணம் கொடுத்து வாங்கி, சுரங்க ரயில் நிலையத்தில் உள்ள ஊழியரிடம் ரயில்கார்டைக் காட்டி இரண்டையும் இணைக்கச் சொல்ல வேண்டும். அவர் டிக்கெட் இயந்திரத்திலேயே ஒரு நிமிடத்தில் செய்துவிடுவார். அதன் பிறகு நெரிசல் இல்லாத நேரப் பயணங்களிலும், அந்த நேரத்துக்கான ஒரு நாள் உச்சவரம்பிலும் மூன்றில் ஒரு பங்கு குறையும். இங்கே நெரிசல் நேரம் என்பது வார நாட்களில் காலை 6:30 முதல் 9:30 வரை, மாலை 4 முதல் 7 வரை. அதாவது லீட்ஸில் பார்க்க வேண்டியது காலை பத்து மணியை மட்டும். லண்டன் சுரங்க ரயிலில் மாலையையும் பார்க்க வேண்டும், குறைந்தபட்சம் 12 பவுண்டு என்ற பேச்சு அங்கே இல்லை. இரண்டு நாள் சுற்றிவிட்டு வருகிறவருக்கு ஓய்ஸ்டர் அட்டையின் கட்டணத்துக்கே அந்தச் சேமிப்பு சரியாகிவிடும். அங்கேயே படிக்கிற பிள்ளைகளுக்குக் கட்டாயம் பயன்படும். ரயில்கார்டு காலாவதியாகும் நாளில் ஓய்ஸ்டரில் இருக்கும் சலுகையும் நின்றுவிடும்; புதிய அட்டை வாங்கினால் மறுபடி ஊழியரிடம் போய் இணைக்க வேண்டும்.

காலாவதி பற்றியும் அவள் ஒரு கேள்வி கேட்டாள். அட்டை முடிவதற்குள் பின்னால் வரும் தேதிக்குச் சலுகை டிக்கெட்டை வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்பது அது. முடியாது. டிக்கெட் வாங்கிய நாளில் அல்ல, பயணம் செய்யும் நாளில் அட்டை செல்லுபடியாக இருக்க வேண்டும். முன்பதிவு மையத்தில் எத்தனையோ பேருக்கு நான் இதே பதிலைச் சொல்லியிருக்கிறேன்.

இந்த வரிகளை எழுதும்போது அவள் சுவரில் மாட்டியிருக்கும் நாட்காட்டியின் படத்தை அனுப்பியிருக்கிறாள். வரும் ஜூலை 1, புதன்கிழமை, சிவப்பில் வட்டமிடப்பட்டிருக்கிறது. அன்று முதல் காலை விதி இரண்டு மாதத்துக்கு இல்லை. அன்று காலை எட்டு மணி ரயிலில், சலுகை விலையில், விழுப்புரத்துப் பையனையும் சேர்த்துக்கொண்டு யார்க் நகரத்தில் உள்ள ரயில் அருங்காட்சியகத்துக்குப் போகப்போகிறார்களாம். அங்கே பழைய டிக்கெட் கவுண்ட்டர் ஏதாவது இருந்தால் எனக்குப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.